இடப்பக்கம் காலியாக இருந்தது

தமிழ் சினிமாவில் பழைய முறைப்படி எழுதுகிறவர்கள் தாளை நடுவில் மடித்துக்கொள்வார்கள். மடிப்புக்கு இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம். நானும் அப்படித்தான் பழகினேன். சில வருடங்களுக்கு முன் இயக்குநர் நண்பர் ஒருவருக்காக நான்கு பக்கத்தில் ஒரு காட்சி எழுதிக் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்தார், நன்றாக இருக்கிறது என்றார், பிறகு வலப்பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தாளை என்னிடம் திருப்பிக் காட்டினார். இடப்பக்கத்தில் 'இரவு, கடையின் உள்ளே, அண்ணனும் தம்பியும்' என்று இருந்தது. அதற்குக் கீழே நான்கு பக்கத்துக்கும் சேர்த்து இரண்டே குறிப்புகள்: 'அண்ணன் வேதனையோடு', 'தம்பி தலை குனிகிறான்'. மற்றதெல்லாம் வெள்ளை.

"இதை ரேடியோவுல போடலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது.

காட்சி இதுதான். தென்மாவட்டத்து ஊர் ஒன்றின் கடைத்தெருவில் அப்பன் காலத்து மளிகைக் கடை. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். தம்பிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். மாமனார் பணம் போடுகிறார், அதே தெருவில் எதிர்வரிசையில் தனிக்கடை போடப் போகிறான். நாளை மறுநாள் பால் காய்ச்சுகிறார்கள். இன்று இருவரும் சேர்ந்து கடை அடைக்கும் கடைசி இரவு. என் நான்கு பக்கத்தில் அவர்கள் இப்படிப் பேசிக்கொண்டார்கள்:

"அப்பா போனப்ப உனக்குப் பன்னெண்டு வயசு. நான் பள்ளிக்கூடத்தை விட்டது யாருக்காக?"

"தெரியும்ணே. அதுக்காகக் காலம் பூரா ஒங்க நிழல்லயே நிக்கச் சொல்றீங்களா?"

"நிழல்னு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும். இத்தன வருசம் வெயில் படாம இருந்தது தெரியல."

மூன்றாவது வரியை எழுதிய ராத்திரி நான் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம். இப்போது யோசித்தால் அந்தச் சந்தோஷத்திலேயே கோளாறு இருந்தது. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்ட மளிகைக்கடைக்காரர், மனசு உடைந்து நிற்கும் நேரத்தில், நிழலுக்கு வெயிலால் பதில் சொல்லமாட்டார். அது என் வாய். அவருக்கு என் வாயை மாட்டிவிட்டிருந்தேன்.

சரி, வசனத்தைக் குறைக்கலாம் என்று முதலில் உட்கார்ந்தேன். நான்கு பக்கத்தை இரண்டாக்கினேன், இரண்டை ஒன்றாக்கினேன். அது பேச்சுக் காட்சியாகவேதான் இருந்தது, சுருங்கிய பேச்சுக் காட்சியாக. வெட்டுவது வேறு, மாற்றி எழுதுவது வேறு என்பது அந்த ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. வெட்டினால் உணர்ச்சியைச் சொல்லும் வரிகள் குறைகின்றன, அவ்வளவுதான். உணர்ச்சி நடப்பதற்கு ஓர் இடம் அங்கே இன்னும் கிடையாது.

இயக்குநர் ஒரு வேலை கொடுத்தார். பழைய நான்கு பக்கத்தையே எடுத்து, ஒவ்வொரு வசனத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு வினைச்சொல் எழுதச் சொன்னார். அவன் என்ன சொல்கிறான் என்பது வேண்டாம். இதைச் சொல்லி மற்றவனை என்ன செய்கிறான்? 'வருந்துகிறான்', 'கலங்குகிறான்' என்றெல்லாம் எழுதக் கூடாது, அவை தனக்குள் நடப்பவை. குத்துகிறான், கெஞ்சுகிறான், தடுக்கிறான், விடுகிறான் என்பதுபோல் அடுத்தவன்மேல் போய்ப் படும் வினையாக இருக்க வேண்டும். என் காட்சியில் இருபத்திரண்டு வசனங்கள். எழுதி முடித்துப் பார்த்தால் வினைச்சொற்கள் நான்குதான் தேறின. அண்ணன் ஒதுக்குகிறான். தம்பி மறிக்கிறான். அண்ணன் இறங்குகிறான். தம்பி ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறான், அண்ணன் வாங்கவில்லை. முதல் ஒன்பது வசனமும் 'ஒதுக்குகிறான்' என்ற ஒரே சொல்லின் ஒன்பது பாடபேதங்கள்.

அந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு அடுத்ததாக நான் எழுதியது இன்னும் மோசம். அண்ணன் கணக்கு நோட்டை ஓங்கி மூடுகிறார். சுவரில் அப்பா படத்தைப் பார்க்கிறார். தம்பியின் கையிலிருந்து கண்ணாடி டம்ளர் விழுந்து உடைகிறது. இருவரும் சில்லுகளைப் பொறுக்குகிறார்கள், விரல்கள் தொட்டுக்கொள்கின்றன. பேச்சு ஒன்றுகூட இல்லை, இடப்பக்கம் நிரம்பிவிட்டது, ஆனால் படிக்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு வசனம் பேசுகிறார்கள். டம்ளர் உடைவது 'குடும்பம் உடைந்தது' என்ற வரியேதான். ஊமைக்கூத்து. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பார்க்க ஆளே இல்லாவிட்டாலும் அந்த மனிதர் அந்த நேரத்தில் அதைச் செய்வாரா? தினமும் தலைக்கு மேலே தொங்கும் அப்பா படத்தை எந்தக் கடைக்காரரும் ராத்திரி ஒன்பதரைக்கு நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவருக்குக் கடை அடைக்கும் வேலை இருக்கிறது.

கடை அடைக்கும் வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட பிறகுதான் அதைப் போய்ப் பார்த்தேன்.

பழைய பலகைக் கதவு வைத்த கடைகள் இன்னும் சில கடைத்தெருக்களில் இருக்கின்றன. வாசலின் மேலே ஒரு விட்டம், கீழே ஒரு படி, இரண்டிலும் நீளத்துக்குக் காடி எடுத்திருக்கும். ஓர் ஓரத்தில் மட்டும் காடியின் வாய் வெட்டித் திறந்திருக்கும். பலகையை அந்த வாயில் நுழைத்து எதிர்க்கோடிவரை தள்ள வேண்டும். பிறகு அடுத்தது. ஒவ்வொன்றிலும் பெயிண்டால் எண் போட்டிருப்பார்கள், ஏனென்றால் காலப்போக்கில் பலகைகள் ஒன்றையொன்று தேய்த்து, தன் பக்கத்துப் பலகையோடு மட்டும் பொருந்துகிற மாதிரி ஆகிவிட்டிருக்கும். கடைசிப் பலகை வாயை அடைத்துக்கொண்டு நிற்கும், அதன் குறுக்கே இரும்புப் பட்டை, பூட்டு. நான் பார்த்த கடையில் ஒன்பது பலகை. ஒருவர் தனியாகவும் சாத்தலாம், ஆனால் ஒருவர் எடுத்துக் கொடுக்க ஒருவர் தள்ளினால் பாதி நேரத்தில் முடிந்துவிடும். அங்கே அப்பாவும் மகனும் சாத்தினார்கள். அப்பா பின்னால் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார், பலகை கையில் வந்து உட்கார்ந்தது.

தெருவில் நின்றுகொண்டே எனக்குக் காட்சி கிடைத்துவிட்டது. மன்னியுங்கள், கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன். கிடைத்தது நீட்டிய கையில் அல்ல, அதை யாரும் கவனித்துவிடுவார்கள். எண்ணில் கிடைத்தது. ஏழாம் பலகை போகாமல் எட்டாம் பலகை போகாது. தம்பி கையில் ஏழு இருந்தால், அண்ணனுக்கு எவ்வளவு ரோஷம் இருந்தாலும், எட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நான்கு பக்கம் பேச வைத்தும் நான் உண்டாக்க முடியாத நெருக்கடியை ஓர் ஆசாரி என்றைக்கோ காடி வெட்டி உண்டாக்கி வைத்திருக்கிறார்.

புதிதாக எழுதிய காட்சியை அப்படியே சொல்கிறேன். அண்ணன் முதல் பலகையைத் தானே போய் எடுக்கிறார். தம்பி எடுத்துக் கொடுக்க வந்த கை பாதியில் நிற்கிறது. இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றுக்கும் அண்ணன் சுவரோரம் நடந்து போய்த் திரும்பி வருகிறார். ஆறாவது போகும்போது தம்பி முந்திக்கொண்டு ஏழை எடுத்துவிடுகிறான், நீட்டாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறான். அண்ணன் அவனைக் கடந்து போய் எட்டை எடுத்து வருகிறார். காடியின் வாய்க்கு வந்ததும் நிற்கிறார். கையிலிருக்கும் எண்ணைப் பார்க்கிறார். உள்ளேயிருந்து மூன்று பலகை அகலத்துக்கு வெளிச்சம் தெருவில் விழுகிறது, இரண்டு பேரும் அதன் இரண்டு ஓரத்தில். தெருவில் ஒரு சைக்கிள் போகிறது. அண்ணன் எட்டைச் சுவரில் சாய்த்துவைக்கிறார். தம்பியிடம் வந்து ஏழின் மறுமுனையைப் பிடிக்கிறார். தம்பி விடவில்லை. இரண்டு பேருமாகவே தூக்கிக் காடியில் வைத்துத் தள்ளுகிறார்கள். அடுத்து அண்ணன் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுகிறார், எட்டு வந்து கையில் உட்காருகிறது. ஒன்பது. பட்டை. தம்பி தன் அரைஞாண் கயிற்றில் கிடக்கும் சாவியால் பூட்டுகிறான், பிறகு சாவியை முடிச்சு அவிழ்த்து அண்ணனிடம் நீட்டுகிறான். அண்ணன் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். நாலு எட்டு போனதும், திரும்பாமல்:

"நாளைக்கி வெள்ளன மிளகா லோடு வருது."

காட்சி முடிந்தது. அந்த ஒரு வரியை ஏன் விட்டுவைத்தேன் என்று கேட்கலாம். முதலில் அதுவும் இல்லை. சாவியை வாங்காமல் போகிறார் என்பதோடு நிறுத்தியிருந்தேன். படித்துப் பார்க்கக் கொடுத்த இரண்டு பேரில் ஒருவர், 'அண்ணன் மன்னிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்' என்றார். இன்னொருவர், 'சாவி உன்னிடமே இருக்கட்டும் என்கிறார்' என்றார். இரண்டு அர்த்தம் வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் முதல் அர்த்தம் என் வினைச்சொல்லுக்கே எதிராகப் போகிறது. ஏழைப் பிடித்தபோதே அவர் இறங்கிவிட்டார். மிளகாய் லோடு அதைச் சரிசெய்தது. பேச்சு மிளகாயைப் பற்றியே இருக்கிறது, 'கதவைத் திறக்க நீ வா' என்பது சாவியில் இருக்கிறது. பேச்சு ஒரு பொருளிலும் செய்கை வேறு பொருளிலும் போகும்போது இரண்டுக்கும் இடையில் பார்ப்பவருக்கு ஓர் இடம் கிடைக்கிறது. என் முதல் நான்கு பக்கத்தில் பேச்சும் மனசும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன, காற்றுப் புகக்கூட வழியில்லை.

எழுதியதை இப்படிப் படிக்கக் கொடுக்கும்போது 'அவர்களுக்கு என்ன உணர்ச்சி?' என்று கேட்டுவிடக் கூடாது. நாம் கேட்டுவிட்டால் அவர்களும் ஏதாவது சொல்லிவிடுவார்கள். 'என்ன நடந்தது?' என்று மட்டும் கேட்க வேண்டும். 'அண்ணன் தம்பியிடம் பலகை வாங்க மறுத்தார்' என்று சொன்னால் காட்சி வேலை செய்கிறது. 'கடை அடைக்கிறார்கள்' என்று சொன்னால் இல்லை.

வேறொருவர் அப்படித்தான் சொன்னார், கடை அடைக்கிறார்கள் என்று. அவருக்கு நான் கொடுத்தது இந்த ஒரு காட்சியை மட்டும்தான். அதில் ஒரு பாடம் இருந்தது. அண்ணன் தானே போய்ப் பலகை எடுப்பது ஒதுக்குவதாகத் தெரிய வேண்டுமானால், மற்ற நாளில் தம்பி எடுத்துக் கொடுப்பான் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்காகப் படத்தின் தொடக்கத்தில் இருபது நொடிக்கு ஒரு துண்டுக் காட்சி சேர்த்தோம். இருவரும் யாரைப் பற்றியோ கேலி பேசிக்கொண்டே பலகை சாத்துகிறார்கள், பேச்சு சிரிப்பில் இருக்கிறது, கைகள் தம்பாட்டுக்கு வேலை செய்கின்றன. அங்கே பலகையை யாரும் கவனிக்கக் கூடாது. கவனிக்காமலே பழகிவிட வேண்டும்.

இந்தக் கணக்கை மிகச் சரியாகப் போட்ட படம் 1955இல் வந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'. அக்கா துர்கா செத்துப்போன பிறகு, ஊரைவிட்டுக் கிளம்ப வீட்டைக் காலி செய்யும்போது, தம்பி அப்புவின் கையில் ஒரு பாசிமணி மாலை கிடைக்கிறது. அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஓடிப்போய்ப் பாசி மூடிய குளத்தில் எறிகிறான். விழுந்த இடத்தில் பாசி விலகித் தண்ணீர் தெரிகிறது, மெல்ல மறுபடி மூடிக்கொள்கிறது. அப்பு அக்காவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டான் என்பது நமக்குத் தெரிகிறது. எப்படித் தெரிகிறது? அந்த மாலையை துர்கா திருடிவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறாள், துர்கா எடுக்கவில்லை என்று சாதித்திருக்கிறாள், அவமானம் தாங்காமல் தாய் மகளைப் போட்டு அடித்திருக்கிறாள். சத்தமும் ஏச்சும் அழுகையுமான காட்சி அது. இந்த மௌனத்துக்கான பணத்தை அந்தக் கூச்சல் முன்கூட்டியே கட்டிவிட்டது. அதனால்தான், பேசாத காட்சி எழுதுகிறேன் என்று படம் முழுக்கப் பேச்சை எடுத்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கட்டாத பணத்துக்குப் பொருள் கேட்கிறார்கள்.

அதே படத்தில் இன்னொன்று. ஊருக்குப் போயிருந்த தந்தை ஹரிஹர், மகள் இறந்தது தெரியாமல் திரும்பி வருகிறார். வாங்கி வந்தவற்றை மனைவியிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். துர்காவுக்கு வாங்கிய புடவையும் அதில் இருக்கிறது. மனைவி உடைகிறாள். அவள் அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை, அந்த இடத்தில் தார்ஷெனாய் என்ற வாத்தியத்தின் உச்சஸ்வரத்தை ராய் வைத்தார். எனக்கு அந்த இசையைவிடப் புடவையே பெரிதாகத் தெரிகிறது. செய்தியைச் சொல்ல வேண்டியவள் அவள். ஆனால் கேள்வியைப் புடவை கேட்டுவிடுகிறது, பதில் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஏழாம் பலகை மட்டும் பிற்பாடு மாற்றிய பலகை என்றும், அதிலுள்ள எண் தம்பி சின்னப் பிள்ளையாக இருந்தபோது எழுதியது, கோணலாக இருக்கும் என்றும் ஒரு பத்தி சேர்த்தேன். அண்ணன் அந்த எண்ணை விரலால் தடவுகிறார். அன்று எனக்கு மறுபடியும் அந்த டீ குடிக்கும் சந்தோஷம் வந்தது, அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். இயக்குநர் விரல் தடவுவதை அடித்தார். "எண் கோணலா இருக்கட்டும், ஆர்ட் டைரக்டர்கிட்ட சொல்றேன். கேமரா அதைத் தேடிப் போகாது" என்றார். பலகை கதவாக இருக்கும்வரைதான் அதற்குப் பலம். நினைவுச்சின்னமாக ஆக்கினால் மறுபடியும் அது அப்பா படம்தான்.

இதில் நடிகர்களின் பங்கும் உண்டு. 1949இல் வந்த ஓசுவின் 'லேட் ஸ்பிரிங்' படத்தின் முடிவில், மகளைக் கல்யாணம் செய்து அனுப்பிவிட்டு வீடு திரும்பும் தந்தை தனியாக உட்கார்ந்து ஓர் ஆப்பிளின் தோலைச் சீவுகிறார். ஓசு அங்கே அவரை விம்மி அழச் சொன்னார் என்றும், தன்னால் முடியாது என்று நடிகர் சிஷு ரியு சொல்லிவிட்டதாகவும் ரியுவே பதிவு செய்திருக்கிறார். இப்போது படத்தில் இருப்பது, நீளமாக இறங்கிக்கொண்டே வரும் தோலும், கை நின்று மெல்லக் கவியும் தலையும்தான். எழுதுகிறவன் தாளில் 'தலை கவிகிறது' என்று போட்டால் அது என் பழைய 'தலை குனிகிறான்' அளவுக்குத்தான் இருக்கும். தோல் சீவும் வேலை அதற்கு முன்னால் இருக்க வேண்டும், கைக்கு ஏதாவது இருந்தால்தான் அது நிற்கும்போது தெரியும்.

எல்லாவற்றையும் செய்கையாக மாற்றிவிடலாமா என்றால் முடியாது. மகேந்திரன் நல்ல உதாரணம். 1974இல் 'தங்கப்பதக்க'த்தில் கணீர் கணீரென்று வசனம் எழுதியவர், 1979இல் 'உதிரிப்பூக்க'ளை எடுத்தார். அந்தப் படத்தில் பார்வையிலும் நடையிலும் நடந்துவிடும் காட்சிகள் ஏராளம். ஆனால் முடிவில், ஊரே கூடி அந்தக் கொடியவனை ஆற்றுக்குள் இறங்கச் சொல்லும்போது, அவன் பேசுகிறான். உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன் என்ற பொருளில் சொல்கிறான். அதை எந்தச் செய்கையாலும் காட்ட முடியாது, ஏனென்றால் அது உணர்ச்சி அல்ல, தீர்ப்பு. பழைய நாள் இப்படி, இன்று இப்படி என்று இரண்டை எடை போடும் எதுவும் பெரும்பாலும் வாய் வழியாகத்தான் வரும். என் காட்சியிலும், அப்பா இறந்தபோது தம்பிக்குப் பன்னிரண்டு வயது என்ற தகவலைப் பலகைக்குள் நுழைக்க முடியவில்லை. இருபது நிமிடத்துக்கு முன்னால் வரும் கல்யாண வீட்டுக் காட்சியில், பந்தியில் உட்கார்ந்த ஒரு பெரியம்மா யாரிடமோ சொல்வதாக வைத்தோம்.

பணக் கணக்கும் இடித்தது. வழக்கமாக ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று கணக்கிடுவார்கள். புதிய காட்சி ஒன்றரைப் பக்கம்தான், ஓடியது ஏறக்குறைய மூன்று நிமிடம். நடக்கிறார், எடுக்கிறார், தள்ளுகிறார் என்று நான் ஒரு வரியில் எழுதியதை அவர் நடந்துதான் காட்ட வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினால் இரண்டு கோணத்தில் அரை நாளில் எடுத்துவிடலாம். இதற்கு இரவு முழுவதும் தெருவை மறித்து, தூரத்துக் கோணம், கைகள், காடி, பூட்டு என்று தனித்தனியாக எடுக்க வேண்டியிருந்தது. நம் படங்கள் அதிகம் பேசுவதற்கு நாடக மரபைக் காரணமாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பேச்சு மலிவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிறப்புக் காட்சிக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். 'வசனம்' என்று என் பெயர் வந்ததும் என் முழங்கையைத் தட்டினாள். வெளியே வரும்போது, "நீ எழுதுன எடம் எது?" என்று கேட்டாள்.

"பலகை சாத்துவாங்கள்ல, அதும்மா."

"அதுல யாரும் ஒண்ணும் பேசலையேடா."

"மிளகா லோடு வருதுன்னு சொல்வாருல்ல?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, சாவிய வாங்காமலே போயிட்டாரே அந்த மனுசன்" என்றாள். பிறகு செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.